முக்கால் மதிப்பெண்ணில் முடிந்த டெண்டர்

டெண்டர் மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தைத்தான். யாருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் அந்த அறிக்கை முழுதாக வராது, அதன் சுருக்கம்தான் வரும். அறுபது எழுபது பக்கத்தை ஒரே பக்கமாக்கும் அந்த வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான். அனுபவத்தில் சொல்கிறேன்: சண்டை பெரும்பாலும் அறிக்கையால் வருவதில்லை, அந்த ஒரு பக்கத்தால்தான் வருகிறது.

அந்தப் பக்கத்தில் மூன்று விஷயம் இருந்தால் போதும். யார் எவ்வளவு மதிப்பெண் வாங்கினார்கள், யாரை எதற்காக விலக்கினார்கள், யாருக்கு என்ன தொகைக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் எங்கே வழுக்கும் என்று தெரியும். ஊரும் நிறுவனங்களும் நானே அமைத்தவை. கணக்கு போகும் வழி மட்டும் அலுவலகங்களில் தினமும் நடப்பது.

ஒரு நகராட்சி மழைநீர் வடிகாலுக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க ஓர் ஆலோசனை நிறுவனத்தைத் தேடுகிறது. மணலோ குழாயோ வாங்குவதென்றால் கேட்ட தரத்துக்கு யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். டெண்டர்காரர்கள் பேச்சில் அவர்தான் எல்-1. ஆலோசனைப் பணி அப்படியல்ல. மலிவான ஆள் தப்பாக மட்டம் எடுத்துக் கொடுத்தால், அதை நம்பி வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் எதிர்த்திசையில் நிற்கும். அதனால் இதுபோன்ற பணிக்குத் தரத்தையும் விலையையும் சேர்த்து எடைபோடும் முறை உண்டு. அலுவலகத்தில் இதைக் க்யூ.சி.பி.எஸ். என்பார்கள். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 192-ஆவது விதி இதைப் பற்றியது. தரத்துக்குக் கொடுக்கும் எடை எக்காரணம் கொண்டும் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. நம் கற்பனை நகராட்சி தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று டெண்டர் ஆவணத்தில் அச்சடித்திருந்தது. தொழில்நுட்ப மதிப்பெண் 100-க்கு 70 வாங்காதவரின் விலை உறையைத் திறப்பதில்லை என்றும் எழுதியிருந்தது.

ஐந்து நிறுவனங்கள் போட்டன. அ, ஆ, இ, ஈ, உ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் இரண்டு உறை கொடுக்க வேண்டும். முதல் உறையில் தகுதிக்கான தாள்களும் தொழில்நுட்ப விவரங்களும், இரண்டாவதில் விலை. இப்போது tntenders.gov.in தளத்தில் எல்லாம் மின்னணு உறைகள்தான். அரக்கு முத்திரை போய்விட்டது, இரண்டு உறை என்ற ஒழுங்கு போகவில்லை. ஒரு மனிதரின் விலை தெரிந்துவிட்டால் அவருடைய தரத்துக்கு மதிப்பெண் போடும் கை கொஞ்சமாவது ஆடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

முதல் உறை திறந்தவுடனேயே உ வெளியே போனது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன். மீதி நான்கு பேருக்கும் குழு மதிப்பெண் போட்டது. முன்பு செய்த இதே மாதிரிப் பணிகளுக்கு 30, வேலையைச் செய்யப்போகும் வழிமுறைக்கு 30, களத்தில் இறங்கப்போகும் முக்கிய ஆட்களின் தகுதிக்கு 40. அ மூன்றிலும் முறையே 28, 26, 34 வாங்கி மொத்தம் 88. ஆ 24, 25, 33 என்று 82. இ 22, 21, 31 என்று 74. ஈக்குப் பழைய பணிகள் நிறைய இருந்தன, அதில் 25 கிடைத்தது. வழிமுறையில் 22. ஆட்களில்தான் சறுக்கி 19. மொத்தம் 66, எழுபதைத் தொடவில்லை.

ஆக விலை உறை திறந்தது அ, ஆ, இ மூவருக்கு மட்டும். அ 64 லட்சம், ஆ 52 லட்சம், இ 46 லட்சம். விலைக்கு மதிப்பெண் போடும் சூத்திரம் ஆவணத்திலேயே இருக்கும்:

நிதி மதிப்பெண் = 100 × மிகக் குறைந்த விலை ÷ அந்த நிறுவனத்தின் விலை

குறைந்த விலை சொன்ன இக்கு முழு நூறு. 46-ஐ 52-ஆல் வகுத்தால் ஆவுக்கு 88.46. 64-ஆல் வகுத்தால் அவுக்கு 71.88. இனி தொழில்நுட்ப மதிப்பெண்ணை 0.70-ஆலும் நிதி மதிப்பெண்ணை 0.30-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். சுருக்கத்தில் இது இப்படி நிற்க வேண்டும்:

| நிறுவனம் | தொழில்நுட்பம் (100-க்கு) | மதிப்பிட்ட விலை (லட்சம் ரூ.) | நிதி (100-க்கு) | கூட்டு மதிப்பெண் (70:30) | இடம் |
|---|---|---|---|---|---|
| அ | 88 | 64.00 | 71.88 | 83.16 | 2 |
| ஆ | 82 | 52.00 | 88.46 | 83.94 | 1 |
| இ | 74 | 46.00 | 100.00 | 81.80 | 3 |
| ஈ | 66 | உறை திறக்கப்படவில்லை | – | – | – |
| உ | மதிப்பிடப்படவில்லை | உறை திறக்கப்படவில்லை | – | – | – |

தரத்தில் முதலிடம் அவுக்கு, விலையில் இக்கு. டெண்டர் இரண்டிலும் முதலாக வராத ஆவுக்குப் போகிறது. மன்றத்தில் யாராவது ஒருவர் எழுந்து, “46 லட்சத்துக்கு ஒருத்தர் செய்றேன்னு சொல்றப்ப 52 லட்சத்துக்கு ஏன்யா குடுக்கணும்?” என்று கேட்காமல் இருக்க மாட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அட்டவணையின் ஒரு தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது: 70:30. பல சுருக்கங்களில் விடுபட்டுப் போவதும் இதுவேதான்.

அந்த எடை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. இதே மதிப்பெண்களை 80:20 என்று போட்டுப் பாருங்கள். அவுக்கு 84.78, ஆவுக்கு 83.29. வென்றவர் மாறிவிடுகிறார்! பழைய டெண்டர் ஒன்றின் அறிக்கையை நகலெடுத்து, பெயரை மாற்றி, எடையை மாற்ற மறப்பது அலுவலகங்களில் நடக்கிற காரியம்தான். முன்னுரையில் 80:20 என்றிருக்கும், கணக்கு 70:30-இல் போட்டிருக்கும். சுருக்கம் எழுதுபவர் அறிக்கையின் முன்னுரையை நம்பக் கூடாது. டெண்டர் ஆவணத்தை எடுத்து எடையைப் பார்த்து, கால்குலேட்டரை எடுத்து ஒருமுறை தானே கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்று பேருக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது.

அட்டவணையில் வேறு இரண்டு இடங்களையும் கவனித்திருப்பீர்கள். உவுக்கு எதிரே பூஜ்யம் போடவில்லை, ‘மதிப்பிடப்படவில்லை’ என்றுதான் போட்டிருக்கிறது. பூஜ்யம் என்றால் குழு அவர்கள் வேலையைப் படித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். உண்மையில் படிக்கவே இல்லை. ஈயின் விலைக் கட்டத்தை வெற்றாக விடாமல் உறை திறக்கப்படவில்லை என்று எழுதியதும் அதே காரணத்துக்காகத்தான். வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவருக்கு ‘திறந்து பார்த்துவிட்டு மறைக்கிறார்களோ’ என்று தோன்றும். இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். ஆவின் தொழில்நுட்ப மதிப்பெண் 82. அதை 0.70-ஆல் பெருக்கினால் 57.40. ஒரு பத்தியில் 82 என்றும் இன்னொரு பத்தியில் 57.40 என்றும் எந்த விளக்கமும் இல்லாமல் வந்தால், படிப்பவர் 57 என்பது எழுபதுக்குக் கீழே ஆயிற்றே, இவரை எப்படித் தேர்ந்தார்கள் என்று கேட்பார். அதனால் மூல மதிப்பெண்ணை மட்டும் கட்டத்தில் போட்டு, எடைபோட்ட பிறகு வருவதைக் கூட்டுத் தொகையாக மட்டும் காட்டுவது என் வழக்கம்.

சரி, ஆவுக்கும் அவுக்கும் இடைவெளி எவ்வளவு? 0.78. முக்கால் மதிப்பெண் சொச்சம். அதைத் தொழில்நுட்ப மதிப்பெண்ணாகத் திருப்பினால், 0.70-ஆல் வகுக்க, 1.11 வருகிறது. அதாவது அவுக்குத் தொழில்நுட்பத்தில் ஒன்றேகால் மதிப்பெண் கூடக் கிடைத்திருந்தால் வேலை அவர்களுக்கு.

இவ்வளவு நெருக்கமாக வந்தால் நான் கூட்டுத்தொகையோடு நிற்க மாட்டேன். அறிக்கைக்குள் திரும்பப் போய், அந்த ஒன்றேகால் எங்கே போயிற்று என்று தேடுவேன். நம் கதையில் அது முக்கிய ஆட்கள் பகுதியில் இருக்கிறது. நீரியல் வல்லுநருக்குப் பட்டம் பெற்ற பிறகு பத்து ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும் என்று ஆவணம் கேட்டது. அ காட்டிய ஆளின் சான்றிதழ்களைக் கூட்டினால் ஒன்பது ஆண்டு ஏழு மாதம். மூன்று உறுப்பினரில் இருவர், ஆவணத்தில் உள்ள அளவுகோல்படி 2 மதிப்பெண் குறைத்தார்கள். மூன்றாமவர், முதுகலை ஆய்வில் அவர் செய்த களப்பணியையும் சேர்த்தால் பத்தைத் தாண்டும், குறைக்கத் தேவையில்லை என்று தனிக்குறிப்பு எழுதிவைத்தார். பெரும்பான்மைப்படி 2 குறைந்தது. குறைக்காமல் இருந்தால் அவின் தொழில்நுட்ப மதிப்பெண் 90, கூட்டு 84.56. ஆவைத் தாண்டிவிடும்.

ஐந்து மாதம்தான் குறைவு, அதில்தான் டெண்டர் முடிந்திருக்கிறது. இதைச் சுருக்கத்தில் சொல்லலாமா கூடாதா என்று பிரிவில் எப்போதும் வாக்குவாதம் நடக்கும். “எதுக்குப்பா வம்பு, பெரும்பான்மை முடிவுன்னு ஒரு வரி போடு” என்பார் மேலாளர். ஒரு வரி போதும்தான், ஆனால் எந்த வரி என்பதில்தான் விஷயம். “உறுப்பினர் ஒருவர் அ நிறுவனத்தின் நீரியல் வல்லுநருக்கு மதிப்பெண் குறைத்ததில் மாறுபட்டுள்ளார், அவர் குறிப்பு அறிக்கையின் 41-ஆம் பக்கத்தில் உள்ளது, முதல் இரண்டு இடங்களுக்கும் இடைவெளி 0.78” என்று எழுதினால், முடிவெடுப்பவர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்து பார்ப்பார். எழுதாமல் விட்டால், அ நிறுவனம் வெளியிலிருந்து அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வரும்போது, முடிவெடுத்தவருக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தெரியும். அதைவிடச் சங்கடம் வேறில்லை. இடைவெளி பத்து மதிப்பெண் என்றால் இந்த வரியே வேண்டாம் என்பது என் கருத்து. மாறுபட்ட குறிப்பு வென்றவரை மாற்றக்கூடியதாக இருந்தால்தான் அதற்குச் சுருக்கத்தில் இடம்.

இனி விலக்கிய காரணங்களுக்கு வருவோம். உ எதனால் முதல் உறையிலேயே போனது? முன்வைப்புத் தொகை. ஈ.எம்.டி. என்று எல்லோரும் சொல்வது. டெண்டர் போட்டுவிட்டு வேலை கிடைத்ததும் பின்வாங்காமல் இருக்கக் கட்டும் பணம். ரொக்கமாகக் கட்டாமல் வங்கி உத்தரவாதமாகவும் தரலாம் என்று ஆவணத்தில் இருந்தது. டெண்டர் விலை 90 நாள் செல்லும், வங்கி உத்தரவாதம் அதற்கும் மேல் 45 நாள் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. மத்திய பொது நிதி விதிகளிலும் இந்த 45 நாள் கணக்கு உண்டு. ஆக மொத்தம் 135 நாள். டெண்டர் திறந்தது மார்ச் 3. 135 நாள் என்றால் ஜூலை 16 வரை. உ கொடுத்த உத்தரவாதம் 120 நாளுக்கு, அதாவது ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

இதை அறிக்கையில் குழு எப்படி எழுதியிருந்தாலும், சுருக்கத்தில் பெரும்பாலும் வருவது “நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யாததால் நிராகரிக்கப்பட்டது” என்ற வரி. படிப்பவருக்கு இதனால் எதுவும் தெரியாது. உவின் உரிமையாளருக்கும் தெரியாது. எந்த நிபந்தனை, என்ன கேட்டது, என்ன கிடைத்தது, தாளில் எங்கே இருக்கிறது என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட வேண்டும். “பிரிவு 12.3-இன்படி முன்வைப்புத் தொகைக்கான வங்கி உத்தரவாதம் 16 ஜூலை வரை செல்ல வேண்டும், இந்நிறுவனம் அளித்தது 1 ஜூலை வரை மட்டுமே செல்லும் (முதல் உறை, பக்கம் 14), எனவே முதல் கட்டத்திலேயே ஏற்கப்படவில்லை.” இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு உவின் ஆள் சண்டைக்கு வருவதானால், தேதியோடுதான் சண்டை போட வேண்டும்.

பதினைந்து நாள் குறைவுக்காக ஒருவரை விலக்குவது கொஞ்சம் கறாராகத் தோன்றலாம். இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வாரணாசி டீசல் என்ஜின் தொழிற்சாலை பழைய இரும்பை விற்க டெண்டர் விட்டபோது, முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி வரைவோலையாகவோ தர வேண்டும் என்று கேட்டது. ஒரு நிறுவனம் யூனியன் வங்கியின் காசோலையை, வங்கியே பணம் உண்டு என்று சான்றளித்த காசோலையாகக் கொடுத்தது. அதை ஏற்றது செல்லுமா என்பதுதான் வழக்கு. செல்லும் என்றது உச்ச நீதிமன்றம், போத்தார் ஸ்டீல் வழக்கில், 1991-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்த தீர்ப்பு. நிபந்தனைகளில் அடிப்படையானவை வேறு, துணையானவை வேறு. துணை நிபந்தனையில் எழுத்துக்கு எழுத்து ஒத்துவராவிட்டாலும் அதிகாரி அதைத் தள்ளுபடி செய்யலாம் என்றது.

அப்படியானால் 15 நாள் அடிப்படையா, துணையா? அங்கே பணம் கைக்கு வருவதில் சந்தேகமே இல்லை, எந்த வங்கித் தாளில் வந்தது என்பதுதான் வேறுபாடு. இங்கே ஜூலை 1-க்குப் பிறகு பணத்துக்கே உத்தரவாதம் இல்லை. குழு அதனால் அடிப்படை என்று எடுத்திருக்கலாம். அந்த முடிவு குழுவுடையது, சுருக்கம் எழுதுபவருடையது அல்ல. அவர் செய்ய வேண்டியது குழு அப்படி எடுத்தது என்று தெரியும்படி எழுதுவது. இன்னொன்றும் பார்க்க வேண்டும். இதே குறை வேறு யாரிடமாவது இருந்து அவரை விட்டுவிட்டார்களா? ஐந்து பேரின் முன்வைப்புத் தொகைத் தாள்களையும் வரிசையாக வைத்து ஒருமுறை தேதிகளைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். இதை நான் எப்போதும் செய்வேன். ஒரே குறைக்கு ஒருவருக்கு மன்னிப்பு, இன்னொருவருக்கு விலக்கு என்று வந்தால், அந்த டெண்டர் எப்படியும் நிற்காது.

ஈயின் கதை வேறு. அவர்களை விலக்கிய காரணம் ஒன்றுதான்: 66 மதிப்பெண், 70 தேவை. ஆனால் அறிக்கையில் குழு இன்னொரு வரியும் எழுதியிருந்தது. “மேலும் இந்நிறுவனத்துக்கு இம்மாவட்டத்தில் அலுவலகம் இல்லை.” டெண்டர் ஆவணத்தை நாலு முறை புரட்டினாலும் மாவட்டத்தில் அலுவலகம் வேண்டும் என்று எங்கும் இல்லை! சட்டம் சொல்வது, ஆவணத்தில் சொன்ன அளவுகோலை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது. தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு அதைத்தான் கேட்கிறது. இங்கே சுருக்கம் எழுதுபவருக்கு ஒரு சபலம் வரும். அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அல்லது அப்படியே நகலெடுத்துப் போட்டுவிடலாம், குழுதானே எழுதியது? இரண்டும் தப்பு. விட்டுவிட்டால், அறிக்கையில் ஒன்று, மன்றக் குறிப்பில் வேறொன்று என்று இரண்டு கதை உருவாகும். நகலெடுத்தால், 66 என்ற உறுதியான காரணத்தோடு ஆவணத்தில் இல்லாத ஒரு காரணம் ஒட்டிக்கொண்டு, வழக்குக்குப் போனால் அதைப் பிடித்துத்தான் எதிர்த்தரப்பு இழுக்கும். சரியான வழி சலிப்பானது. கோப்பைக் குழுவுக்கே திருப்பி அனுப்பி, இந்த வரி மதிப்பெண்ணைப் பாதித்ததா என்று எழுத்தில் கேட்க வேண்டும். இல்லை, தகவலுக்காகத்தான் எழுதினோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், சுருக்கத்தில் மதிப்பெண் காரணம் மட்டும் போகும், பதில் கடிதம் கோப்பில் கிடக்கும். ஒரு வாரம் தாமதம் ஆகும். ஆகட்டும்.

கடைசிப் பகுதி, பரிந்துரை. இதில் வார்த்தை ஒன்று தவறினாலும் அர்த்தம் மாறும். குழு பணியைக் கொடுப்பதில்லை, கொடுக்கலாம் என்று சொல்கிறது. கொடுப்பது டெண்டரை ஏற்கும் அதிகாரம் உள்ளவர் அல்லது மன்றம். சுருக்கத்தில் “ஆ நிறுவனத்துக்குப் பணி வழங்கப்படுகிறது” என்று வந்துவிட்டு, பிறகு யாரோ அந்தப் பக்கத்தை ஆ நிறுவனத்துக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டால், அவர்கள் மறுநாளே ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். எழுத வேண்டியது “வழங்கலாம் எனக் குழு பரிந்துரைக்கிறது” என்பதுதான்.

தொகையிலும் ஒரு முடிச்சு இருந்தது. விலை உறை திறந்த அன்று, வந்திருந்தவர்கள் முன்னால் ஆவின் மொத்தம் 51.60 லட்சம் என்று வாசித்தார்கள். அன்றைய நடவடிக்கைக் குறிப்பிலும் அதுவே. ஆனால் விலைப் பட்டியலில் இனம் இனமாகக் கூட்டினால் 52.00 லட்சம் வருகிறது. நிறுவனம் கூட்டலில் 40,000 ரூபாய் விட்டிருக்கிறது. இன விலையும் மொத்தமும் ஒத்துவராவிட்டால் இன விலையே செல்லும் என்று ஆவணத்தில் இருந்ததால், குழு 52.00 என்று திருத்தி எடுத்துக்கொண்டது. நிறுவனமும் ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தது. எல்லாம் முறைப்படிதான். ஆனால் இந்த ஒரு விளக்கம் சுருக்கத்தில் இல்லாவிட்டால், திறந்த அன்று இருந்தவர்கள் 51.60 என்பார்கள், குறிப்பு 52 என்னும். இடையில் 40,000 எங்கே போனது என்று பேச்சு கிளம்பும். இந்த மாதிரிப் பேச்சு ஒரு ஊரில் எப்படிப் பரவும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசித்த விலை, திருத்திய விலை, திருத்தத்துக்கான ஆவணப் பிரிவு, ஒப்புக்கொண்ட கடிதத்தின் நாள், நான்கையும் எழுதிவிட வேண்டும். மூவரின் விலையையும் வரி நீங்கலாக ஒப்பிட்டார்களா, வரியோடு ஒப்பிட்டார்களா என்பதும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

துறையின் மதிப்பீடு 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 52 என்பது அதற்கு மேல் 4 விழுக்காடு. இந்த எண்ணையும் எழுத வேண்டும். கூட்டு மதிப்பெண் யார் முதலில் என்று மட்டும்தான் சொல்லும், அந்த விலை நியாயமா என்று சொல்லாது. ஒருவேளை ஆவின் விலை 52-க்குப் பதில் 53 ஆக இருந்திருந்தால்? நிதி மதிப்பெண் 86.79, கூட்டு 83.44. அப்போதும் ஆதான் முதல், ஆனால் மதிப்பீட்டுக்கு மேல் 6 விழுக்காடு. விலை நியாயமானதா என்று பார்க்கும் கடமை சூத்திரத்துக்கு வெளியேதான் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தின் அடியில் போகும் ஒரு தேதிதான் பலர் கண்ணில் படாமல் போவது. மார்ச் 3-இல் திறந்த டெண்டர், 90 நாள். விலை செல்லுபடியாகும் கடைசி நாள் ஜூன் 1. அதற்குள் ஏற்பாணை போகவில்லை என்றால், ஆ நிறுவனம் நினைத்தால் அந்த விலையிலிருந்து கையைக் கழுவிக்கொள்ளலாம். நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஒப்புக்கொள்வது அவர்கள் விருப்பம். குழு அறிக்கையில் கையெழுத்தானது ஏப்ரல் 20. ஈயின் வரியைத் தெளிவுபடுத்த ஒரு வாரம் போனது. மன்றக் கூட்டம் மே 28-இல் இருந்தது. மிச்சம் நான்கே நாள்.

ஆணை வந்தபின் அவர்கள் முடிவை ஏற்காமல் போனால், ஆணை கைக்கு வந்த பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அ நிறுவனம் வருமா என்று யாருக்கும் தெரியாது. வந்தால் நீரியல் வல்லுநரின் அந்த ஐந்து மாதத்தோடுதான் வரும். வந்தவர் முன்னால் 41-ஆம் பக்கத்தைத் திறந்து வைக்கும் ஆளுக்கு அது எங்கே இருக்கிறதென்று முன்பே தெரிந்திருக்கும்.